30 ஏற்றி 25 தள்ளினால் 5 நிற்காதா? ஆடிக் கணக்கில் பணம் எங்கே போனது?

கோபி ஜவுளிக்கடை — 9 ஜூன் 2025, இரவு 10.40

இந்த ஆண்டு ஆடிக்குச் சரக்கு எடுக்கும் முன்பு சென்ற ஆண்டின் ஆடிக் கணக்கை நோட்டிலிருந்து எடுத்துப் பார்த்தேன். மூன்று நாட்களாகக் கூட்டிக்கூட்டிப் பார்த்தும் எதிர்பார்த்த தொகை வரவில்லை.

ஒரே ஒரு சரக்கை மட்டும் சொல்கிறேன். ஈரோட்டில் மொத்த வியாபாரியிடம் காட்டன் சுடிதார் செட் 120 எடுத்தேன். செட் 600 ரூபாய், வரி தனி. 30 சதவீதம் வைத்து 780 என்று சீட்டு ஒட்டினேன். ஆடி வந்ததும் 25 சதவீதத் தள்ளுபடி என்று பலகை வைத்தேன். 30 வைத்து 25 விட்டால் 5 நிற்கும், செட்டுக்கு 30 ரூபாய், வாடகைக்காவது ஆகும் என்பது என் எண்ணம். அந்த மாதம் 90 செட் விற்றது. 2,700 ரூபாய் நின்றிருக்க வேண்டும். நிற்காததோடு, அடுத்த கொள்முதலுக்கு வீட்டுப் பணத்தை எடுத்துப் போட வேண்டியதாயிற்று.

கடையில் நானும் என் தங்கையும் மட்டும்தான். கல்லாவில் வேறு யாரும் கை வைக்கவில்லை. பணம் எங்கே போனது?

இரும்புக்கடை, காரைக்குடி — 9 ஜூன், இரவு 10.52

780இல் கால் பங்கு 195. அது போக 585. அம்மா, 600க்கு வாங்கியதை 585க்கு விற்றிருக்கிறீர்கள்.

கோபி ஜவுளிக்கடை — 9 ஜூன், இரவு 11.20

ஐயா சொன்னதைப் படித்துவிட்டு பழைய பில்களை எடுத்துப் பார்த்தேன். உண்மைதான். பில் போடும் மென்பொருள் கடைசி வரியில்தான் தள்ளுபடியைக் கழிக்கிறது. செட் ஒன்று என்ன விலைக்குப் போயிற்று என்று தனியாகக் காட்டுவதில்லை, நானும் பார்க்கவில்லை. ஒரு மாதம் முழுக்க, நாள்தோறும், சிரித்த முகத்தோடு நட்டத்துக்குப் பொட்டலம் கட்டிக் கொடுத்திருக்கிறேன்.

ஆனால் செட்டுக்கு 15 ரூபாய் என்றால் 90க்கு 1,350தான் ஆகிறது. பள்ளம் அதைவிடப் பெரியது. அதோடு, 30இலிருந்து 25ஐக் கழிப்பதில் என்ன தவறு என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

கணக்கர், சேலம் — 10 ஜூன், காலை 6.15

நீங்கள் ஏற்றிய 30 சதவீதம் 600இல் எடுத்தது. விட்ட 25 சதவீதம் 780இல் எடுத்தது. வேறு வேறு குவியலிலிருந்து அளந்த இரண்டை ஒன்றிலிருந்து ஒன்று கழிக்க முடியாது. ஆறு படி நெல்லில் பாதியும் எட்டுப் படி நெல்லில் பாதியும் பெயருக்குத்தான் ஒன்று.

தள்ளுபடி எப்போதும் விற்கும் விலையிலிருந்துதான் போகிறது. ஆகவே உங்கள் இலாபத்தையும் அந்த விலையிலேயே அளந்து வைத்திருக்க வேண்டும். 780இல் 180 இலாபம் என்றால் அது 23 சதவீதம். அந்த 23தான் உங்கள் கையிருப்பு. அதிலிருந்து 25ஐ விட்டால் கடன்தான். அடக்கத்தின் மேல் ஏற்றும் 30ஐ வியாபாரத்தில் மார்க்கப் என்பார்கள், விற்ற விலையில் மிஞ்சும் 23ஐ மார்ஜின் என்பார்கள். நம் ஊரில் இரண்டுக்குமே ‘மார்ஜின்’ என்ற ஒரே சொல்தான் ஓடுகிறது. தொல்லை அங்கேதான் பிறக்கிறது.

இனி, மீதிப் பணம் எங்கே போயிற்று என்பது. 780 என்ற சீட்டு வரியும் சேர்த்தா?

கோபி ஜவுளிக்கடை — 10 ஜூன், காலை 9.05

வரியும் சேர்த்துத்தான். கடைக்கு வருபவரிடம் ஒரு விலை சொல்லிவிட்டு மேலே வரி கேட்க முடியுமா?

குளிர்பானக் கடை, விருதுநகர் — 10 ஜூன், காலை 9.30

எம்.ஆர்.பி.க்கு மேல் ஒரு ரூபாய் கூட வாங்கக் கூடாது என்பது சட்டம். பாட்டிலைக் குளிர வைக்க ஆகும் மின்கட்டணத்தைக் கூட கேட்க முடிவதில்லை. இதைப் பற்றி யாருமே எழுதுவதில்லை.

இரும்புக்கடை, காரைக்குடி — 10 ஜூன், காலை 9.41

தம்பி, இங்கே அம்மா கேட்பது அதுவல்ல. மேலே ஏற்றி விற்றதைப் பற்றியல்ல, கீழே இறக்கி விற்றதைப் பற்றிப் பேசுகிறோம்.

கணக்கர், சேலம் — 10 ஜூன், இரவு 8.30

இந்த விலையில் உள்ள ஆயத்த ஆடைக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம். 780க்குள்ளேயே அந்த வரி இருக்கிறது. அதை வெளியே எடுக்க 780ஐ 1.05ஆல் வகுக்க வேண்டும்: 742.86. அதாவது சீட்டில் 780 இருந்தாலும் அதில் உங்களுடையது 742 ரூபாய் 86 காசுதான். பலர் 780இல் 5 சதவீதம் என்று 39 ரூபாயைக் கழிக்கிறார்கள். அதுவும் இதே தவறுதான். வரி 37.14தான், ஏனென்றால் அந்த 5 சதவீதம் வரியில்லாத விலையின் மேல் போட்டது.

வாங்கும்போது செட்டுக்கு நீங்கள் கொடுத்த 30 ரூபாய் வரி உங்களுக்கு வரவாகத் திரும்பிவிடும். அதனால் அடக்கம் 600தான். தள்ளுபடி இல்லாமல் விற்றிருந்தாலே உங்கள் இலாபம் 180 அல்ல, 142.86. விற்ற விலையில் 19 சதவீதம். நீங்கள் மனத்தில் வைத்திருந்த 30 கல்லாவில் 19தான்.

ஆடி விலை 585. அதில் உங்களுடையது 557.14. செட்டுக்கு நட்டம் 42.86. 90 செட்டுக்கு 3,857 ரூபாய். வரும் என்று நினைத்தது 2,700. இரண்டுக்கும் இடையில் ஆறாயிரத்து ஐந்நூறுக்கு மேல். நீங்கள் பார்த்த பள்ளம் இதுதான் என்று நினைக்கிறேன்.

ஒன்றை உங்கள் வரிக் கணக்கிலேயே பார்த்திருக்கலாம். வாங்கும்போது கட்டியது செட்டுக்கு 30, விற்கும்போது வசூலித்தது 27.86. விற்று முடித்த சரக்குக்குக் கூட வாங்கிய வரி தீராமல் வரவில் நின்றால், அடக்கத்துக்குக் கீழே விற்றிருக்கிறோம் என்று பொருள். விற்காத சரக்கின் வரியும் அங்கேயே நிற்கும் என்பதால் பேரேட்டைப் பார்த்தவுடன் தெரியாது. பிரித்துப் பார்க்க வேண்டும்.

கோபி ஜவுளிக்கடை — 10 ஜூன், இரவு 11.50

ஆறாயிரத்து ஐந்நூறு. ஆம், அதுதான். தங்கையிடம் காட்டினேன். ‘நாம் ஏமாறவில்லை அக்கா, நாமாகவே கொடுத்திருக்கிறோம்’ என்றாள். அதைக் கேட்டபிறகு தூக்கம் வரவில்லை.

கணக்கு ஆசிரியர், தஞ்சாவூர் — 11 ஜூன், மாலை 5.10

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எட்டாம் வகுப்பில் நான் கற்பிப்பது இலாப சதவீதம் என்றால் அடக்க விலையின் மேல் என்றுதான். 600க்கு வாங்கி 780க்கு விற்றால் இலாபம் 30 சதவீதம். வேறு எந்த விடை எழுதினாலும் மதிப்பெண் கிடையாது. அதனால் அம்மா போட்ட 30 சரி. விற்ற விலையில் கணக்கிடுவது வியாபாரிகள் தாமாக வைத்துக்கொண்ட பழக்கம். குழப்பம் அவர்களால் வந்தது, பாடநூலால் அல்ல.

கணக்கர், சேலம் — 11 ஜூன், இரவு 9.00

30 சரிதான் ஐயா. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதே பாடத்தில் தள்ளுபடி எதன் மேல் என்று கற்பிக்கிறீர்கள்? குறித்த விலையின் மேல். ஒரே பாடத்தில் இலாபத்துக்கு ஒரு அடிப்படை, தள்ளுபடிக்கு வேறு அடிப்படை. இரண்டும் சேர்ந்து வரும் கணக்கைப் பிள்ளைகள் தேர்வில் சரியாகப் போட்டுவிடுகிறார்கள். பதினைந்து ஆண்டு கழித்துக் கடை வைக்கும்போது இரண்டு எண்ணையும் நேராகக் கழிக்கிறார்கள்.

விற்ற விலையில் அளப்பது வெறும் பழக்கமும் அல்ல. வாடகை, சம்பளம், மின்கட்டணம், கார்டு இயந்திரக் கட்டணம் எல்லாம் விற்றுவந்த பணத்திலிருந்துதான் போகின்றன. மாதம் நான்கு இலட்சம் விற்றால் அதில் எவ்வளவு நம்முடையது என்று கேட்பவருக்கு அடக்கத்தின் மேல் சொன்ன சதவீதம் நேராக உதவாது.

கணக்கு ஆசிரியர், தஞ்சாவூர் — 11 ஜூன், இரவு 9.45

இரண்டு அடிப்படை என்பதை ஒப்புக்கொள்கிறேன். நாளை வகுப்பில் இந்த 780 கணக்கையே கொடுத்துப் பார்க்கிறேன். ஆனால் எது ‘உண்மையான’ இலாப சதவீதம் என்று கேட்டால் இன்னும் அடக்கத்தின் மேல் என்றுதான் சொல்வேன். போட்ட முதலுக்கு என்ன கிடைத்தது என்பதுதானே கேள்வி?

இரும்புக்கடை, காரைக்குடி — 12 ஜூன், காலை 6.40

என் தகப்பனார் சதவீதம் பேசியதே இல்லை. பின்னத்தில்தான் சொல்வார். ‘கால் ஏற்றினால் விற்றதில் ஐந்தில் ஒன்று நம்முடையது. மூன்றில் ஒன்று ஏற்றினால் விற்றதில் கால் நம்முடையது. பாதி ஏற்றினால் மூன்றில் ஒன்று.’ ஏற்றும்போது இருக்கும் எண், விற்ற பிறகு ஒன்று கூடிவிடும். காரணம் எளிது. நான்கு பங்கு அடக்கத்தின் மேல் ஒரு பங்கு வைத்தால் விலை ஐந்து பங்கு. அந்த ஐந்தில்தான் நம் ஒரு பங்கு இருக்கிறது.

திருப்பியும் சொல்வார். ‘விற்றதில் கால் வேண்டுமா, மூன்றில் ஒன்று ஏற்று.’ பேரம் பேசும்போது வாடிக்கையாளர் ஐந்தில் ஒன்றைக் குறைக்கச் சொன்னால், கால் ஏற்றிய சரக்கில் முழு இலாபமும் போயிற்று என்று உடனே தெரிந்துவிடும். தாழ்ப்பாளுக்கும் கீலுக்கும் நான் இன்றும் இப்படித்தான் விலை வைக்கிறேன்.

மருந்தாளுநர், மதுரை — 12 ஜூன், பிற்பகல் 2.20

இந்தச் சொற்குழப்பம் அரசு ஆணையிலேயே இருக்கிறது. மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணை, 2013 அத்தியாவசியப் பட்டியலில் உள்ள மருந்துகளுக்கு உச்ச விலை வைக்கிறது. கடைக்காரருக்கு வரும் விலைகளின் சராசரியை எடுத்து, அதன் மேல் 16 சதவீதம் சேர்ப்பார்கள். அந்த 16க்கு ஆணையில் உள்ள பெயர் சில்லறை விற்பனையாளரின் ‘மார்ஜின்’. ஆனால் அது அடக்கத்தின் மேல் ஏற்றுவது. 100 ரூபாய்க்கு வந்தால் உச்ச விலை 116, வரி தனி. விற்ற விலையில் பார்த்தால் 13.8 சதவீதம்தான்.

நான் புதிதாகக் கடை திறந்தபோது ஒருவர் யோசனை சொன்னார்: ‘16 இருக்கிறதே, 15 விட்டுப் பார், கூட்டம் வரும், ஒன்றாவது நிற்கும்.’ 116இல் 15 சதவீதம் போனால் 98.60. நூறு ரூபாய் மருந்தில் ஒன்று நிற்பதற்குப் பதில் ஒன்று நாற்பது போயிருக்கும். நல்லவேளை, மாத்திரை அட்டை ஒன்றை எடுத்துக் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன்.

பிறகு எதிர்க்கடை 20 சதவீதம் எப்படிக் கொடுக்கிறது என்பீர்கள். பட்டியலுக்கு வெளியே உள்ள மருந்துகளில் இடம் அதிகம். பத்து வாங்கினால் ஒன்று இலவசம் போன்ற சலுகைகளில் அவர்களுக்கு அடக்கமும் குறைவாக இருக்கும்.

விற்பனைப் பிரதிநிதி, கோவை — 12 ஜூன், மாலை 6.00

‘பத்துக்கு ஒன்று இலவசம்’ என்பதைப் பத்து சதவீதத் தள்ளுபடி என்று எடுத்துக்கொள்ளும் கடைக்காரர்களை நான் வாரம் முழுவதும் பார்க்கிறேன். பத்தின் விலைக்குப் பதினொன்று கிடைக்கிறது. பதினொன்றில் ஒன்று என்பது 9.09தான். இரும்புக்கடை ஐயாவின் தகப்பனார் சொன்ன அதே ‘ஒன்று கூடும்’ கணக்கு.

மென்பொருளைப் பற்றியும் ஒரு சொல். சரக்குப் பதிவில் ‘மார்ஜின்’ என்று ஒரு கட்டம் இருக்கும். அது எந்தக் கணக்கைப் போடுகிறது என்று யாரும் பார்ப்பதில்லை. அடக்கம் 100, மார்ஜின் 25 என்று போட்டுப் பாருங்கள். விலை 125 என்று வந்தால் அது அடக்கத்தின் மேல் ஏற்றுகிறது. 133.33 என்று வந்தால் விற்ற விலையில் கால் நிற்கும்படி போடுகிறது. எக்செல் வைத்திருப்பவர்களுக்கு, B2இல் அடக்கம், C2இல் % குறியோடு சதவீதம் என்று வைத்தால் முதல் சூத்திரம் அடக்கத்தின் மேல் ஏற்றுவது, இரண்டாவது சூத்திரம் விற்ற விலையில் நிறுத்துவது:

```
=B2*(1+C2)
=B2/(1-C2)
```

அக்காவின் 600க்கும் 30%க்கும் முதல் சூத்திரம் 780 தரும், இரண்டாவது 857.14 தரும். ஒரே ‘30 சதவீதம்’, நடுவில் 77 ரூபாய்.

கோபி ஜவுளிக்கடை — 13 ஜூன், இரவு 10.15

என் மென்பொருளில் போட்டுப் பார்த்தேன். 125 வந்தது.

இந்த ஆண்டுக்குக் கணக்குப் போட்டுவிட்டேன். 25 சதவீதம் தள்ளுபடி போனபிறகும் விற்ற விலையில் 10 சதவீதம் நிற்க வேண்டும். 600ஐ 0.9ஆல் வகுத்தால் 666.67. வரி சேர்த்தால் 700. தள்ளுபடிக்காக அதன் மேல் 25 சதவீதம் ஏற்றினால் 875. சீட்டு 875 என்று ஒட்டப் போகிறேன். சரிதானே?

கணக்கர், சேலம் — 13 ஜூன், இரவு 10.40

கடைசிப் படியில் பழைய தவறு திரும்பி வந்துவிட்டது. 875இல் 25 சதவீதம் போனால் 656.25. நீங்கள் விரும்பிய 700 இல்லை. வரி போக 625. உங்களுக்கு 25 ரூபாய், அதாவது 4 சதவீதம். ஏற்றும்போது 700இல் அளந்தீர்கள், இறக்கும்போது 875இல் அளக்கிறார்கள். 700ஐ 0.75ஆல் வகுக்க வேண்டும். 933.33 வரும். 935 என்று ஒட்டினால், 25 போக 701, வரி போக ஏறத்தாழ 668, நிற்பது 68 ரூபாய்.

இதற்காக வருந்த வேண்டாம். முதல் படியில் வகுத்தவர் கடைசிப் படியில் கூட்டுவதை என்னிடம் வரும் பெரிய கடைக்காரர்களிடமும் பார்க்கிறேன். கை பழகியது கூட்டலுக்கு.

கோபி ஜவுளிக்கடை — 13 ஜூன், இரவு 11.05

ஆம். ஆறு படி நெல்லும் எட்டுப் படி நெல்லும். இப்போதுதான் உள்ளே இறங்கியது.

திருச்சி வாடிக்கையாளர் — 14 ஜூன், காலை 11.00

நான் வாங்குபவள். இதைப் படிக்கும்போது எனக்கு மனம் கசக்கிறது. 780க்கு விற்கும் துணிக்கு 935 என்று சீட்டு ஒட்டி, 25 சதவீதம் தள்ளுபடி என்று பலகை வைப்பதா? ஆடிக்காக நாங்கள் ஆறு மாதம் பணம் சேர்த்து வருகிறோம். கிடைக்கும் சலுகை உண்மையில் பத்துப் பன்னிரண்டு சதவீதம்தான் என்றால் அதையே எழுதுங்கள்.

விற்பனைப் பிரதிநிதி, கோவை — 14 ஜூன், பிற்பகல் 1.15

அம்மா, பத்து சதவீதம் என்று எழுதிய கடைக்குள் எத்தனை பேர் நுழைகிறார்கள்? பக்கத்துக் கடையில் ‘50 சதவீதம் வரை’ என்று தொங்கும்போது இவர்கள் என்ன செய்வார்கள்? ஆண்டு முழுவதும் 935க்கே விற்று ஆடியில் இறக்கினால் அதில் பொய் இல்லையே.

திருச்சி வாடிக்கையாளர் — 14 ஜூன், பிற்பகல் 1.40

ஆண்டு முழுவதும் விற்றால் பொய் இல்லை. ஆனி கடைசியில் சீட்டை மாற்றினால் பொய். இதில் எனக்கு வேறு கருத்து வராது.

கோபி ஜவுளிக்கடை — 15 ஜூன், இரவு 9.20

இரண்டு நாள் யோசித்தேன். அம்மா சொன்னது மனத்தில் தைத்தது. அதைத் தவிர வேறு காரணமும் இருக்கிறது. அதே காட்டன் செட் எங்கள் கடைத்தெருவில் 799க்குத் தொங்குகிறது. பங்குனியில் நான் 935 என்று வைத்தால் ஆடி வரும் வரை ஒன்று கூட விற்காது. வகுத்து வந்த விலை சரியாக இருந்தாலும் அந்த விலையைத் தெரு ஒப்புக்கொள்ள வேண்டுமே.

அதனால் கணக்கைத் திருப்பிப் போட்டேன். சீட்டு 780தான். 10 சதவீதம் நிற்க 700 வேண்டும். 780க்கும் 700க்கும் நடுவில் 80. 780இல் அது 10 சதவீதம் சொச்சம். ஆக, என்னால் விட முடிந்தது பத்துதான். 25 என்பது என் சரக்கில் முதலிலிருந்தே இல்லாத இடம்.

கணக்கர், சேலம் — 16 ஜூன், காலை 6.30

சரி. அந்தப் பத்தும் சிறியதல்ல என்று தெரிந்துகொண்டு கொடுங்கள். முழு விலையில் செட்டுக்கு 142.86 நிற்கிறது. பத்து விட்டால் 702, வரி போக 668.57, நிற்பது 68.57. விலையில் பத்தில் ஒன்று குறைந்தது, இலாபத்தில் பாதிக்கு மேல் போய்விட்டது. தள்ளுபடி இல்லாமல் 30 செட் விற்கும் மாதத்தில் கிடைக்கும் அதே பணம் வர 63 செட் விற்க வேண்டும். ஆடிக்கூட்டம் அந்த அளவுக்கு வருமா என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

பலசரக்குக் கடை, திண்டுக்கல் — 16 ஜூன், காலை 8.10

எனக்கு இந்த வரித் தொல்லையே இல்லை. காம்போசிஷன் திட்டத்தில் இருக்கிறேன். விற்பனையில் ஒரு சதவீதம் கட்டினால் முடிந்தது. 600க்கு வாங்கினால் அடக்கம் 600.

கணக்கர், சேலம் — 16 ஜூன், காலை 8.35

இல்லை. அந்தத் திட்டத்தில் வாங்கும்போது கட்டிய வரி உங்களுக்குத் திரும்ப வராது. இந்தச் சரக்கை நீங்கள் எடுத்திருந்தால் அடக்கம் 630. அதன் மேல்தான் ஏற்ற வேண்டும். பில்லில் வரிக்கு மேலே உள்ள தொகையைப் பார்த்து விலை வைத்துக்கொண்டிருந்தால், இன்றே ஐந்தாறு சரக்கை எடுத்துச் சரிபாருங்கள்.

பலசரக்குக் கடை, திண்டுக்கல் — 16 ஜூன், இரவு 9.55

பார்த்தேன். எண்ணெயிலும் சோப்பிலும் மேலே உள்ள தொகையில்தான் போட்டிருக்கிறேன்.

இரும்புக்கடை, காரைக்குடி — 17 ஜூன், காலை 7.00

அடக்கம் என்ற சொல்லையே பாருங்கள். எல்லாம் அடங்கியது அடக்கம். பில்லில் உள்ளது வாங்கிய விலை மட்டும். வண்டிக்கூலி, சுமைக்கூலி, வழியில் கெட்டது, திரும்பி வராத வரி, இவையும் உள்ளே வந்தால்தான் அது அடக்கம். கோபி அம்மா ஈரோட்டிலிருந்து மூட்டை கொண்டுவரும் வண்டிக்கூலியை 600க்குள் வைத்தீர்களா?

கோபி ஜவுளிக்கடை — 17 ஜூன், இரவு 10.00

வைக்கவில்லை. 120 செட்டுக்கு 960 ரூபாய் வண்டிக்கும் சுமைக்கும் கொடுத்தேன். செட்டுக்கு 8 ரூபாய். அப்படியென்றால் சென்ற ஆண்டு நட்டம் செட்டுக்கு 43 அல்ல, 51 ஆகிறது. இந்த ஆண்டு பத்து விட்டால் நிற்பது 68 அல்ல, 60. நோட்டில் முதல் கட்டத்தையே திருத்தி எழுதியிருக்கிறேன். மேலே நான் எழுதிய எண்களைப் படிப்பவர்கள் இந்த எட்டு ரூபாயைச் சேர்த்துப் படியுங்கள்.

கணக்கு ஆசிரியர், தஞ்சாவூர் — 20 ஜூன், மாலை 4.30

780 கணக்கை வகுப்பில் கொடுத்தேன். நாற்பது பேரில் பெரும்பாலோர் ‘5 சதவீதம் இலாபம்’ என்று எழுதினார்கள், கணக்கைப் படிப்படியாகப் போடச் சொல்லாமல் வாயால் கேட்டதால். படி எழுதச் சொன்னதும் எல்லோரும் நட்டம் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். கடைசி வரிசையில் ஒரு பிள்ளை, ‘கடையில் யார் சார் படி எழுதுவார்கள்?’ என்று கேட்டாள். அவள் அப்பா காய்கறிக்கடை வைத்திருக்கிறார்.

கோபி ஜவுளிக்கடை — 24 ஆகஸ்ட் 2025, இரவு 9.30

ஆடி முடிந்தது. புதுச் சரக்கு 80 செட் எடுத்து 780 சீட்டில் பத்து சதவீதம் விட்டேன். 62 போயிற்று. வண்டிக்கூலியும் சேர்த்து அடக்கம் 608 என்று வைத்தால் நின்றது 3,755 ரூபாய். பழைய சரக்கில் 18 செட் தேங்கியிருந்தது, சாயம் மங்க ஆரம்பித்திருந்தது. அதைத் தனி மேசையில் வைத்து, தெரிந்தே, 25 சதவீதத்துக்குத் தள்ளினேன். அதில் 915 ரூபாய் போயிற்று. ஆனால் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் முடங்கிக் கிடந்த பணம் கைக்கு வந்தது. அந்தப் பணத்தில்தான் தீபாவளிச் சரக்குக்கு முன்பணம் கொடுத்தேன்.

கூட்டம் குறைந்தது. சென்ற ஆண்டு வந்து போனவர்களில் சிலர் பலகையைப் பார்த்துவிட்டு எதிர்த்த கடைக்குப் போனதை என் கண்ணால் பார்த்தேன். வலித்தது. அவர்கள் தீபாவளிக்குத் திரும்புவார்களா என்று தெரியவில்லை.

கணக்கர், சேலம் — 25 ஆகஸ்ட், காலை 6.20

பழைய சரக்கைத் தெரிந்து தள்ளியது சரியான முடிவு. தேங்கிய துணிக்கு அடக்கம் பார்த்துக்கொண்டிருந்தால் அடுத்த ஆண்டு அது துடைக்கும் துணி. கூட்டம் பற்றி நான் எதுவும் சொல்ல முடியாது, அது கணக்கில் வராதது.

இரும்புக்கடை, காரைக்குடி — 25 ஆகஸ்ட், காலை 7.15

எதிர்த்த கடைக்காரர் என்ன அடக்கத்துக்கு வாங்கினார் என்று உங்களுக்குத் தெரியாது. அவரும் 30இலிருந்து 25ஐக் கழித்துக்கொண்டிருக்கலாம்.

கோபி ஜவுளிக்கடை — 11 செப்டம்பர் 2025, இரவு 10.25

தீபாவளிக்கு ஒரு புது உற்பத்தியாளர் வந்தார். சீட்டு விலை 1,000 ரூபாய் உள்ள குர்த்தி, ‘உங்களுக்கு 25 சதவீத மார்ஜின்’ என்றார். முன்பானால் தலையாட்டியிருப்பேன். எனக்கு எத்தனை ரூபாய்க்குத் தருவீர்கள் என்று கேட்டேன். ‘அதுதான் 25 சதவீதம் என்றேனே’ என்றார். சீட்டு விலையில் கால் போக 750ஆ, 25 ஏற்றினால் ஆயிரம் வரும்படி 800ஆ என்று இரண்டு எண்ணையும் காகிதத்தில் எழுதிக் காட்டினேன். சற்று நேரம் பார்த்துவிட்டு, அலுவலகத்தில் கேட்டுச் சொல்வதாகக் கைபேசியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

திரும்பி வந்து 800 என்றார். அதில் வரி உண்டா இல்லையா என்று கேட்டேன். மறுபடியும் வெளியே போனார். இன்னும் பதில் வரவில்லை. 40 உருப்படிக்கு மேல் எடுக்கலாம் என்று இருந்தேன், இப்போது நோட்டில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.